கலைச்சொல் தேவை: எண்களைக் கோடிட்டு அடுக்குவதற்கும் டேப் இட்டுப் பிரிப்பதற்கும்

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். உணரிகளின் அளவீடுகளைப் பதிவுசெய்யும் ஒரு கட்டற்ற மென்பொருளின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டும். அமைவுக் கோப்பு பற்றிய பக்கத்தில் இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். எச்சரிக்கை எல்லைகளை YAML கோப்பில் இரண்டு விதமாகத் தரலாம். ஒரே உணரி என்றால் இப்படி:

```
limits:
  - -2
  - 0.5
  - 10
```

பல உணரிகள் என்றால் வரிக்கு ஓர் உணரி, எண்களுக்கு நடுவே டேப்:

```
limits: |
  -2	0.5	10
  -1	0.8	12
```

மூலத்தில் முதலாவது சீக்வென்ஸ், அடுத்தது டேப் செப்பரேட்டட் பிளாக். முதலாவதற்குப் "பட்டியல்" என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கையேட்டின் வேறு பக்கங்களில் லிஸ்ட்டுக்கும் பட்டியல் என்றே போட்டிருக்கிறேன். வியாழன் இரவுக்குள் யோசனை சொன்னால் நன்றாயிருக்கும்.

நூர்ஜகான்:

கணக்குப் பாடநூலில் சீக்வென்சுக்குத் தொடர்வரிசை, சீரீசுக்குத் தொடர். பிள்ளைகளுக்குப் பழகிய சொல் என்பதால் அதையே எடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வகுப்பில் தொடர்வரிசை என்றதும் அடுத்த எண் என்ன, பொது உறுப்பு என்ன என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். -2, 0.5, 10 என்பதில் அப்படி ஒரு விதியும் கிடையாது. யாரோ தீர்மானித்த மூன்று எண்கள், அவ்வளவுதான். கணக்கிலும் விதியில்லாத தொடர்வரிசை உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் புரியவைப்பது தனிப் பாடம்.

மருதமுத்து:

அன்புள்ள கயல்விழி, இரண்டாவதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. நம் இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கிறது: நிரல்நிறை.

பெயர்களை ஒரு முறையில் நிறுத்தி, அவற்றுக்குரிய பயனிலைகளையும் அதே முறையில் நிறுத்தினால், முதலாவது முதலாவதோடும் இரண்டாவது இரண்டாவதோடும் சேரும். "அன்பும் அறனும்" என்று வள்ளுவர் தொடங்கிப் "பண்பும் பயனும்" என்று முடிக்கிறார். அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். எது எதோடு சேரும் என்று சொல்ல அங்கே தனியாக ஒரு சொல்லும் இல்லை. இடம்தான் சொல்கிறது. உங்கள் இரண்டாவது எடுத்துக்காட்டிலும் 0.5 எதன் எல்லை என்பதை அது நிற்கும் இடம்தானே சொல்கிறது? ஆகவே "நிரல்நிறைத் தொகுதி".

தொல்காப்பியர் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு சொன்னார். நன்னூலார் பொருள்கோளை எட்டாக விரித்தார். அடிகளை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் கெடாதது அடிமறி. YAML-இல் பெயரும் மதிப்புமாக எழுதுகிறீர்களே, அந்த அமைப்புக்கு அடிமறி சரியாகப் பொருந்தும். சொற்கள் சிதறிக் கிடக்க, உரியவற்றைத் தேடிச் சேர்த்துப் பொருள் கொள்வது சுண்ணம். அதற்கு இணையான கோப்பு வடிவம் இருக்கிறதா என்று கணினி தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இளங்கோ:

ஐயா, சொல்லுக்குப் போகும் முன் ஒன்று. YAML-இல் டேப் எழுத்தே கூடாது. இட்டால் கோப்பு திறக்காது, பிழைதான் வரும். ஆகவே இரண்டாவது எடுத்துக்காட்டே தவறு. கயல்விழி அதைக் கையேட்டிலிருந்து நீக்கிவிடலாம், சொல்லும் தேவைப்படாது.

செந்தில்:

இளங்கோ சொல்வதில் பாதி சரி. உள்தள்ளலுக்குத்தான் டேப் கூடாது. வரியின் தொடக்கத்தில் இடைவெளிக்குப் பதில் டேப் இட்டால் PyYAML இப்படி நிறுத்திவிடும்:

```
found character '\t' that cannot start any token
```

ஆனால் `limits:` பக்கத்தில் நிற்கும் அந்தச் செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். கீழே வருவது முழுவதையும் உள்ளபடியே ஒரே சரமாக எடுத்துக்கொள் என்று பொருள். உள்தள்ளல் இடைவெளிகளால் ஆனதாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு வரும் டேப்கள் உள்ளடக்கத்தைச் சேர்ந்தவை, அப்படியே நிலைக்கும். ஆகவே கயல்விழியின் எடுத்துக்காட்டு சரியானதுதான். அங்கே YAML எண்களைப் பார்ப்பதே இல்லை, வரிகளைச் சரமாகக் கையளித்துவிடுகிறது. டேப் பார்த்து வெட்டுவதும் எண்ணாக மாற்றுவதும் அந்த மென்பொருளின் வேலை. செங்குத்துக் கோட்டுக்குப் பதில் `>` இட்டுவிட்டால் வரிமுறிவுகள் இடைவெளிகளாகி இரண்டு உணரிகளும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கவலை முதலாவது வடிவத்தில்தான். குளிரூட்டிக்கான எல்லைகளைப் பலர் இப்படி எழுதுகிறார்கள்:

```
limits:
  -2
  -5
  -10
```

பார்வைக்கு மூன்று உருப்படிகள். YAML-க்கோ ஒன்றே ஒன்று. கோட்டுக்குப் பின் இடைவெளி இல்லாததால் அது உருப்படியைத் தொடங்கும் கோடு ஆகவில்லை. மூன்று வரிகளும் மடிந்து `"-2 -5 -10"` என்ற ஒரே சரமாகின்றன. YAML அளவில் பிழைச்செய்தி எதுவும் வராது. பைத்தானில் `len` கேட்டால் 3 வர வேண்டிய இடத்தில் 9 வரும், எழுத்துகளின் எண்ணிக்கை அது. அதைச் சுழற்சியில் விட்டு ஒவ்வொன்றாக எண்ணாக்கப் போனால் முதலிலேயே `could not convert string to float: '-'` என்று விழும். அந்தச் செய்தியைப் பார்ப்பவர் எண்ணில்தான் ஏதோ தவறு என்று நினைத்து எண்ணைத் திருத்திக்கொண்டிருப்பார்.

கயல்விழியின் `- -2` வரியில் முதல் கோடு உருப்படியைத் தொடங்குகிறது, இரண்டாவது கழித்தல் குறி. இரண்டுக்கும் விசை ஒன்றுதான். ஆகவே முதலாவதற்கான சொல்லில் "கோடு" கண்ணில் பட வேண்டும் என்பது என் எண்ணம். கோட்டுப்பட்டியல்?

பொன்னம்பலம்:

தமிழ்க் கையேட்டில் எண்களை எப்படி எழுதுவது என்ற கேள்வி எழுந்ததில் பெருமகிழ்ச்சி. நான் என் நூலகப் பதிவேட்டில் நெடுங்காலமாக ௧, ௨, ௩ என்றே எழுதி வருகிறேன். கையேட்டிலும் தமிழ் எண்களையே இடுங்கள், தயங்க வேண்டாம்.

செந்தில்:

ஐயா, கயல்விழி கேட்டது எண்களை அடுக்கும் முறைகளுக்கான பெயர். இருந்தாலும் நீங்கள் தொட்ட இடம் இங்கே பொருந்துகிறது. பட்டியல் வடிவில் `- ௧௨` என்று எழுதினால் PyYAML அதை எண் என்று அறியாது, 0 முதல் 9 வரை மட்டுமே தேடும். சரமாகவே விட்டுவிடும். ஆனால் டேப் வடிவில் மென்பொருளே `int('௧௨')` என்று மாற்றினால் பைத்தான் தயங்காமல் 12 என்று தரும், ஒருங்குறியில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாகப் பதிவாகியிருப்பதால். ஒரே கோப்பில் ஒரு வடிவில் எண், மறுவடிவில் சரம்! பழைய முறையில் பத்தை ௰ என்று எழுதினாலோ `int` மறுத்துவிடும், அது இலக்கமாகப் பதிவாகவில்லை. தமிழ்ச் சுழியம் ௦ ஒருங்குறிக்கு வந்ததே 2005-இல் 4.1 பதிப்பில்தான்.

மருதமுத்து:

பழைய முறையில் சுழியமே தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. இடமதிப்பு பின்னால் வந்தது. நிரல்நிறையும் இடத்தால் வரும் மதிப்பே என்பதால் இது விலகிய பேச்சு அன்று.

டேப் என்பதை அப்படியே விடுவதற்கு நான் உடன்படவில்லை. தத்தல் என்ற சொல் புழக்கத்தில் உண்டு. தத்துதல் என்றால் தாவிச் செல்லுதல். விசை செய்வதும் அதுதான். "தத்தல் நிரல்நிறை" என்றால் குறைவில்லை.

நூர்ஜகான்:

ஐயா, டேப் என்ற சொல் டேபுலேட்டரின் சுருக்கம், அட்டவணை அமைக்க வந்த விசை. வேர் தேடுவதென்றால் "அட்டவணை விசை" என்றல்லவா போக வேண்டும்? விசைப்பலகையைப் பார்க்கும் பிள்ளை தத்தலை எங்கே கண்டுபிடிக்கும்? அங்கே எழுதியிருப்பது Tab. சொல்லை வாசித்ததும் கை அந்த விசைக்குப் போகாவிட்டால் கையேடு எதற்கு?

மருதமுத்து:

எழுதியிருப்பதையே எழுதுவதென்றால் கலைச்சொல் குழு எதற்கு, அம்மா? "கணினி" என்பதையும் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது.

இளங்கோ:

இன்னொரு சிக்கல். பாடநூலில் மேட்ரிக்சின் படுக்கை வரி நிரை, நிற்பது நிரல். ப்ரோகிராமும் நிரல்தான். "நிரல் நிரல்நிறைத் தொகுதியின் முதல் நிரலைப் படிக்கும்" என்று கையேட்டில் ஒரு வாக்கியம் வந்தால் யார் அதை ஒரே மூச்சில் புரிந்துகொள்வார்கள்?

செந்தில்:

சொல்லாக நிரல்நிறை கடினம்தான். ஆனால் மருதமுத்து ஐயா சொன்ன கருத்தைக் கையேட்டில் ஒரு வாக்கியமாகவாவது சேர்க்க வேண்டும். டேப் வடிவம் பெரும்பாலும் பிழைபடுவது அங்கேதான். இரண்டாம் உணரிக்குக் கீழெல்லை இல்லை என்று வையுங்கள். முதல் இடத்தை வெறுமையாக விட்டு டேப்பில் தொடங்க வேண்டும்:

```
limits: |
  -2	0.5	10
  	0.8	12
```

இதை `line.split('\t')` என்று வெட்டினால் மூன்று இடங்கள், முதலாவது வெற்றுச் சரம். சரி. பலரும் பழக்கத்தில் `line.strip().split('\t')` என்றோ வெறும் `split()` என்றோ எழுதுவார்கள். தொடக்க டேப் போய்விடும். மிஞ்சுவது இரண்டே எண்கள். 0.8 கீழெல்லையின் இடத்துக்கு நகர்ந்துவிடும். அன்பை எடுத்துவிட்டால் அறத்தோடு பண்பு போய்ச் சேர்வது போல. ஒவ்வொரு வரியிலும் எத்தனை இடங்கள் என்று எண்ணிச் சரிபார்த்தால் உடனே பிடிபடும். எண்ணாத மென்பொருள் 0.8-ஐக் கீழெல்லையாக வைத்துக்கொண்டு ஓடும்.

திருத்தி சிலருக்கு டேப்பைத் தானாகவே இடைவெளிகளாக மாற்றிவிடுவதும் உண்டு. திரையில் வித்தியாசம் தெரியாது. லினக்சில் `cat -A` கொடுத்தால் டேப் இருக்கும் இடமெல்லாம் `^I` தெரியும்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. செந்தில் சொன்ன இரண்டு பிழைகளையும் எச்சரிக்கைகளாகச் சேர்க்கிறேன், மூலக் கையேட்டில் அவை இல்லை. முதலாவதற்குக் கோட்டுப்பட்டியல். லிஸ்ட்டோடு குழம்பாது, கோடும் இடைவெளியும் நினைவுக்கு வரும். இரண்டாவதற்குத் "டேப் பிரித்த தொகுதி" என்று நான்கு பேர் தனிமடலில் சொன்னார்கள், அப்படியே போடுகிறேன். "இங்கே எண்கள் நிரல்நிறையாகச் சேரும், வெறுமையான இடத்தையும் டேப் இட்டுக் காக்கவும்" என்று ஒரு வரியும் உண்டு.

நூர்ஜகான்:

கோட்டுப்பட்டியல் நல்ல சொல்தான். ஆனால் அதே YAML-இல் `[-2, 0.5, 10]` என்று சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டும் எழுதலாமே. அதுவும் சீக்வென்ஸ்தான். அதில் கோடே இல்லையே, கயல்?

கயல்விழி:

அந்த வடிவம் இந்தக் கையேட்டில் வரவில்லை, அம்மா. அடுத்த பதிப்பில் வந்தால் மறுபடி கேட்கிறேன்.

மருதமுத்து:

பெரும்பான்மைக்கு வழிவிடுகிறேன். ஆனால் டேப்புக்கு என் உடன்பாடு இல்லை என்பது குழுவின் பதிவில் இருக்கட்டும். சுண்ணத்துக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.