காப்பு

குழு: வெள்ளவத்தை வீட்டுக்காரர்

*வியாழன்*

சுதன் (காலை 11:38): அம்மா ஃபோனை எடுங்கோ. செட்டியார் தெருவில நிக்கிறன்.

சுதன்: எடுக்கிறியள் இல்லை. சரி, இதிலயே சொல்லுறன். அம்மம்மாவின்ர காப்பு தங்கம் இல்லையாம். செம்புக்கு மேல முலாம்.

ரவி மாமா (ஜேர்மனி): என்ன விசர்க்கதை. அது நாலு பவுண் காப்பு. நான் சின்னனில இருந்து பாத்த சாமான்.

சறோ: சுதன் நீ எந்தக் கடையில நிக்கிறாய்? அவர் காப்பை உள்ளுக்கு கொண்டு போனவரோ?

சுதன்: இல்லை அம்மா, எனக்கு முன்னாலதான் எல்லாம் செய்தவர். கையில வாங்கினவுடனேயே ஒரு மாதிரிப் பாத்திட்டு, தராசில வைச்சவர். 15.9 கிராம். “தம்பி, இந்த மொத்தத்துக்கு நாலு பவுண், 32 கிராமுக்குக் கிட்ட நிக்க வேணும், இது ரெண்டு பவுணும் நிக்கேல்லை” எண்டார்.

ரவி மாமா (ஜேர்மனி): உள்ளுக்கு அரக்கு அடைச்சிருக்கும். பழைய காப்பெல்லாம் அப்பிடித்தான், மேலால தங்கத் தகடு, உள்ளுக்கு அரக்கு. அதுதான் பாரம் இல்லை.

சுதன்: நானும் அதைத்தான் கேட்டனான் மாமா. அப்ப உரைகல்லில ஒருக்கா உரசி அசிட் விட்டார். மஞ்சள் கோடு அப்பிடியே நிண்டது.

ரவி மாமா (ஜேர்மனி): பாத்தியோ! அசிட்டுக்கு நிண்டால் தங்கம். முடிஞ்சுது கதை. காப்பை வாங்கிக்கொண்டு வெளிக்கிடு.

யோகா மாமி: இப்ப பவுண் விலை ஏறிப் போய்க் கிடக்கு, விக்கிறதெண்டால் இதுதான் நேரம் சறோ. எவ்வளவு தாறாங்களாம்?

குணம் சித்தப்பா: ரவி, முதல் உரசலில கல்லில ஒட்டுறது தோல்தான். நான் அடைவுப் பகுதியில இருந்த 27 வருசத்தில இதில ஏமாந்த புதுப் பெடியள் எத்தினை பேர். ஒரே இடத்தில நாலைஞ்சு தரம் அழுத்தி உரசிப்போட்டு கடைசிக் கோட்டிலதான் அசிட் விட வேணும். சுதன், அவர் அப்பிடிச் செய்தவரோ?

சுதன்: ஓம் சித்தப்பா. மூண்டாவது கோடு கொஞ்சம் சிவப்பா வந்தது, அசிட் பட்டவுடன அழிஞ்சு போச்சு. பிறகு என்னட்டைக் கேட்டிட்டு உள்பக்க விளிம்பில முக்கோண அரத்தால சின்னனா ஒரு வெட்டுப் போட்டார்.

சுதன்: [படம்]

சுதன்: சிவப்புத் தெரியுதோ? அதில ஒரு துளி விட்டவுடன பச்சையா நுரைச்சுது. அரக்கு இல்லை, தகடு இல்லை. முழுக்கச் செம்பு.

குணம் சித்தப்பா: அப்ப சரி. அரக்கெண்டால் வெட்டின இடத்தில கறுப்பாயோ மண்ணிறமாயோ தெரியும். பாரம் குறைவு எண்டதை மட்டும் வைச்சு முடிவு சொல்லேலாது, வெட்டிப் பாத்தால்தான் சொல்லலாம்.

சறோ: கொடிக்கு ஒன்பது பவுண் எண்டு அங்கால சொல்லிப்போட்டம். ஐஞ்சுதான் கையில கிடக்கு. திங்கக்கிழமை பொன்னுருக்கு.

யோகா மாமி: எனக்கும் இப்பிடித்தான் நடந்தது. சங்கிலி போட்ட இடமெல்லாம் கழுத்துப் பச்சையாப் போட்டுது. டொக்டர் அலர்ஜி எண்டு கிறீம் தந்தவர், ஆறு மாசம் பூசினனான்.

ரவி மாமா (ஜேர்மனி): காப்பை அடைவு வைச்ச இடத்தில மாத்திப்போட்டாங்கள். எனக்கு இப்ப விளங்குது. அம்மா எத்தினை தரம் வைச்சு எடுத்தவ.

குணம் சித்தப்பா: அவசரப்படாதை ரவி. அடைவு வைக்கிற நகையை முன்னுக்கே நிறுத்து, நிறையைச் சீட்டில எழுதி, பைக்குள்ள போட்டு ஒட்டித்தான் உள்ளுக்குக் கொண்டு போறது. மாத்துறதெண்டால் இதே வேலைப்பாட்டில இன்னொரு காப்பு செய்ய வேணும். அந்தக் கொடியும் பூவும் பாத்துச் செய்ய ஒரு பத்தருக்கு எத்தினை நாள் செல்லும்? சறோ அக்கா, மாமியின்ர பிஸ்கட் டின்னுக்க பழைய சீட்டுகள் கிடந்ததெல்லோ?

*(பகல் 1:05)*

சறோ: [படம்]

சறோ: ஒண்டுதான் கிடக்கு. 1988. கண்ணாடி போட்டும் வாசிக்கக் கஷ்டம்.

குணம் சித்தப்பா: “காப்பு 1, 32.1 கிராம்.”

குணம் சித்தப்பா: ஒண்டு.

ரவி மாமா (ஜேர்மனி): அதுக்கென்ன?

குணம் சித்தப்பா: சோடியா வைச்சால் ரெண்டு மடங்கு காசு. காசு தேவைப்பட்டுப் போற ஆள் ஏன் ஒரு கைக்காப்பைக் கழட்டிக் குடுத்திட்டு மற்றதோட வீட்டை வருவா?

வசந்தி: நான் வேலையால இப்பதான் பாக்கிறன். அக்கா, என்னட்ட இருக்கிற மற்றக் காப்பு?

இதுக்குப் பிறகு இருபது நிமிசத்துக்குக் குழுவில ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. சித்தப்பா “எழுதுகிறார்” எண்டு வரும், பிறகு நிண்டிடும். வசந்தி சின்னம்மா அவற்ற மனிசி, அவ கையில கிடக்கிறது மற்றக் காப்பு. அவருக்கும் கஷ்டந்தானே.

குணம் சித்தப்பா: சுதன், செட்டியார் தெருவில இருந்து கொட்டாஞ்சேனை கிட்டத்தானே. அந்தக் காப்பையும் எடுத்துக்கொண்டு நேரா வீட்டை வா. உன்ர சின்னம்மாவின்ர கேக் தராசு இருக்கு, ஈஸ்ற் நிறுக்கிறது, தசமம் காட்டும். வெட்டாமல் பாப்பம்.

*(மாலை 5:40)*

சுதன்: [படம்]

சுதன்: வெளியால பாத்தால் ரெண்டும் ஒண்டுதான். சின்னம்மாவின்ர காப்பு 31.8 கிராம். அம்மாவின்ர 15.9.

ரவி மாமா (ஜேர்மனி): அப்ப வசந்தியின்ரது தங்கம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஈயம் அடைச்சிருந்தாலும் பாரம்தானே.

குணம் சித்தப்பா: நல்ல கேள்வி. அதுக்குத்தான் தண்ணி. ஐஸ்கிறீம் டப்பாவில தண்ணி விட்டு தராசில வைச்சு பூச்சியத்துக்குக் கொண்டு வந்தம். காப்பை நூலில கட்டி, அடியில முட்டாமல் முழுக்கத் தாழ விட்டால், காப்பு எவ்வளவு இடம் பிடிக்குது எண்டதைத் தராசு காட்டும். ரெண்டுக்கும் 1.8. அளவு மயிரிழை பிசகாமல் ஒண்டு.

குணம் சித்தப்பா: 31.8 ஐ 1.8 ஆல பிரிச்சால் பதினேழே முக்கால் மட்டில வரும். 22 கரட்டுக்கு அதுதான் கணக்கு. மற்றது ஒன்பதுக்குக் கிட்ட, அது செம்பு. ஈயம் எண்டால் 11ஐத் தாண்டி வந்திருக்கும், பதினேழுக்கு வராது.

யோகா மாமி: காந்தம் பிடிச்சுப் பாத்தியளோ?

குணம் சித்தப்பா: செம்பும் காந்தத்தில ஒட்டாது யோகாக்கா.

சறோ: அம்மா தன்ர கையாலதான் கழட்டித் தந்தவ. ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாள். வலக்கையில கிடந்தது எனக்கு, இடக்கையில கிடந்தது வசந்திக்கு. நான் மாத்தித் தாங்கோ எண்டு பகிடிக்குக் கேட்டனான். “இல்லைப் பிள்ளை, இது உனக்குத்தான்” எண்டவ.

வசந்தி: அக்கா அம்மாவுக்குத் தெரிஞ்சிராது.

குணம் சித்தப்பா: இன்னொண்டும் சொல்ல வேணும். ஒவ்வொரு நாளும் போடுற காப்பில முலாம் ரெண்டு மூண்டு வருசத்துக்கு மேல தாங்காது. மற்றக் காப்போட முட்டுற பக்கம் முதல்ல சிவக்கும். இதில ஒரு இடமும் சிவக்கேல்லை. திருப்பித் திருப்பிப் பூசியிருக்கு.

சுதன்: சித்தப்பா பொறுங்கோ.

சுதன்: எனக்கு ஏழு எட்டு வயசிருக்கேக்க தீபாவளிக்கு முதல் அம்மம்மா என்னைச் செட்டியார் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போறவ. பெரிய கடை இல்லை, பின்பக்கத்தில மரப்படி ஏறிப் போற ஒரு பட்டறை. என்னைக் கீழ இருத்தி நெக்டோ ஒண்டு வாங்கித் தந்திட்டு மேல போவா. காப்புக்கு மெருகு போட எண்டு சொல்லுவா.

சுதன்: இறங்கி வரேக்க ஒரு கை வெறுங்கை. சேலைத் தலைப்பால மூடிக்கொண்டு வருவா. அடுத்த கிழமை திரும்பப் போய் எடுப்பம். எப்பவும் ஒரு காப்புத்தான். மற்றதுக்கு ஏன் மெருகு போடேல்லை எண்டு நான் கேட்டதே இல்லை.

வசந்தி: எந்தக் கை?

சுதன்: படியில இறங்கேக்க என்ர தலையில வைச்சுக்கொண்டு வாறது இடக்கை. அதில காப்பு குத்தும்.

சறோ: அப்ப தெரிஞ்சுதான் தந்தவ.

*வெள்ளி*

நிலா (யாழ்ப்பாணம்) (காலை 7:20): பெரியம்மா, என்ர அம்மம்மாட்டை, உங்கட சின்னம்மாட்டை, இரவு கேட்டனான். வொய்ஸ் போட்டால் இருமல்தான் கேக்குது, அதால எழுதுறன். அவ சொன்னது: “சறோவின்ர கலியாணத்துக்குப் பதக்கம் சங்கிலி செய்ய நாலு பவுண் குறைஞ்சது. அத்தான் வட்டிக்கு வாங்க வெளிக்கிட்டவர், அக்கா விடேல்லை. ஒரு காப்பை உருக்கக் குடுத்திட்டு மற்றதைப் பாத்து அச்சு எடுத்து செம்பில செய்விச்சவ. மாமியார்க்காரி வெறுங்கையைக் கண்டால் கதைக்கும் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவ, நான் சொல்லேல்லை.”

ரவி மாமா (ஜேர்மனி): அக்காவின்ர கலியாணம் 86. எனக்கு அம்மா சொன்னது வேற. என்னை வெளியில அனுப்பின காசு காப்பு வித்த காசு எண்டு சொன்னவ. நான் இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.

குணம் சித்தப்பா: நீ போனது 88. சீட்டும் 88. வித்திருக்க மாட்டா ரவி, மிஞ்சின மற்றதை அடைவு வைச்சிருப்பா. அதுதான் “காப்பு 1”.

ரவி மாமா (ஜேர்மனி): பிறகு ஆர் மீட்டது?

ஒருத்தருக்கும் தெரியாது.

சறோ: எனக்கு இது நம்பிக்கை இல்லை. சின்னம்மாவுக்கு இப்ப தொண்ணூறு. போன மாசம் என்னை வசந்தி எண்டு கூப்பிட்டவ.

வசந்தி: அக்கா, உங்கட பதக்கம் சங்கிலி எத்தினை பவுண்?

சறோ: ஏழு. பாங்க் லொக்கரில கிடக்கு. கழுத்தில போட்டு இருபது வருசம். பாரம் எண்டு அம்மாட்டை முறைப்பாடு சொன்னனான்.

வசந்தி: என்ரது மூண்டு பவுண் அட்டியல். ஏன் அக்காவுக்கு மட்டும் ஏழு எண்டு நான் எத்தினை நாள் அழுதனான் எண்டு உங்களுக்குத் தெரியும்.

வசந்தி: திங்கக்கிழமை என்ர காப்பைக் கொண்டு வாறன். கொடிக்குப் போடுங்கோ.

சறோ: வேண்டாம். அது உனக்கெண்டு தந்தது. ஐஞ்சு பவுணிலயே கொடி செய்வம், ஐஞ்சும் ஒற்றைதானே. அங்கால நான் கதைக்கிறன்.

யோகா மாமி: அப்ப அந்த முலாம் காப்புக்கு ஒண்டும் தரமாட்டாங்களோ?

சுதன்: செம்பு விலைதான் மாமி.

சறோ: சுதன் நாளைக்கு அந்தப் பக்கம் போனால் அந்த மரப்படிக்காரர் இன்னும் இருக்கிறாரோ எண்டு பாத்து வா. அரத்தால வெட்டின இடத்துக்கு முலாம் போட எவ்வளவு எடுப்பார் எண்டும் கேள். திங்கக்கிழமை கையில போட வேணும்.