சோள ரொட்டி கையிலேயே பிளந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அஸ்தம்பட்டி அம்மா:
என் மகளுக்குக் கோதுமை ஆகாது, டாக்டர் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். ராகி ரொட்டி எனக்குக் கைவந்ததுதான். அந்தத் தைரியத்தில் ஏற்காட்டில் நாத்தனார் வீட்டில் வெள்ளைச்சோள மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து தட்டினேன். எடுத்ததும் நாலாகப் பிளந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு துண்டை நசுக்கிப் பார்த்து, "மாவு வேகவே இல்லையே கண்ணு" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்தார். அதே டம்ளரில் ஒரு டம்ளர் மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி மூடி வைத்தார். பத்து நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தார். உருண்டையை அமுக்கினால் ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஓரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சூரமங்கலம்:
கால் பங்கு கோதுமை மாவு சேருங்கள், சப்பாத்தி மாதிரி மெத்தென்று வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அஸ்தம்பட்டி அம்மா:
கோதுமை ஆகாது என்றுதானே ஆரம்பித்தேன்?

ஏற்காட்டுக்காரன்:
மலையில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். மாவு வேகாததற்கு அதுதான் காரணம். எனக்கும் இங்கே பலமுறை உடைந்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை:
95 தாராளமாகப் போதும், அதற்கு முன்பே மாவு பசையாகிவிடும். குளிரில் பிசைந்த மாவு சீக்கிரம் ஆறுவதுதான் உங்கள் பிரச்சினை. ஒரு ரொட்டிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மூடி வையுங்கள். கோதுமையில் பிசையப் பிசைய வரும் இழுவை சோளம், ராகி, கம்பு மூன்றிலும் கிடையாது, வெந்த மாவின் பசைதான் பிடிப்பு. ராகி தண்ணீரை நிறையக் குடிக்கும். அதைத் தளர்வாகப் பிசைந்து எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்ட வேண்டும். சோளத்தைக் காய்ந்த மாவு தூவித் தட்டலாம். கல்லில் போட்டதும் ஈரத்துணியால் மேலே துடைத்து, அந்த ஈரம் வற்றியதும் திருப்புங்கள். தாமதித்தால் மேல்பக்கம் வெடிக்கும்.

எனக்கு மறக்காதது கம்பு. எங்கள் மில்லில் அரைத்த மாவு கசக்கிறது என்று ஒரு அம்மா கோபமாகத் திரும்ப வந்தார். நாக்கில் வைத்ததுமே தெரிந்தது, அரைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், மாவாக வைத்தால் சிக்குப் பிடித்துவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

கன்னங்குறிச்சி:
கம்புக்குக் கொதிதண்ணீரே வேண்டாம். எங்கள் அப்பத்தா கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில்தான் பிசைவார், ஒருநாளும் உடைந்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டை:
அன்றன்று அரைத்த மாவாக இருந்திருக்கும். கடை மாவில் செய்து பாருங்கள்.

கன்னங்குறிச்சி:
கடை மாவில்தான் நானும் செய்கிறேன்.

அஸ்தம்பட்டி அம்மா:
மில் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று பாட்டி சுட்ட ரொட்டியைத் தின்றும் மகளுக்கு இரவெல்லாம் வயிற்றுவலி. அந்தச் சோளத்தை அரைப்பதற்கு முன்னால் மில்லில் அதே கல்லில் கோதுமை ஓடியதா என்று நான் கேட்கவே இல்லை.