எழுத்தின் தோளில் நிற்கும் எண்ணுக்கு என்ன பெயர்?

வணக்கம்.
நவராத்திரிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு தாள் தயாரிக்கிறேன். சுலோகம், அதன் கீழ் எளிய தமிழ்ப் பொருள், அவ்வளவுதான். முதல் சுலோகம் இது:

ஶுக்லாம்ப³ரத⁴ரம் விஷ்ணும் ஶஶிவர்ணம் சதுர்பு⁴ஜம்
ப்ரஸன்னவத³னம் த்⁴யாயேத் ஸர்வவிக்⁴னோபஶாந்தயே

"வெண்ணிற ஆடை உடுத்தவர், எங்கும் பரந்திருப்பவர், நிலவின் நிறத்தவர், நான்கு கைகள் உடையவர், மலர்ந்த முகத்தவர், எல்லாத் தடைகளும் தணிய அவரைத் தியானிக்க வேண்டும்."

தமிழில் ஒரே எழுத்தாக இருக்கும் க, த, ப போன்றவற்றுக்கு வடமொழியில் நான்கு ஒலிகள் உண்டு, அவற்றுள் எது என்று காட்டும் இந்தச் சிறிய எண்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மேலெண்' என்றால் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும், என்ன செய்கிறது என்பது தெரியாது. நான் 'வர்க்க எண்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.
– கோண்டாவில்

---

தம்பி, 'வர்க்க எண்' வேண்டாம். நான் கணிதம் படிப்பிக்கிறவன். எங்கள் பிள்ளைகளுக்கு வர்க்கம் என்றவுடன் வர்க்கமூலம்தான் நினைவுக்கு வரும். த⁴ என்பதைப் பார்த்து, "சேர், இது சுட்டி நாலா?" என்று ஒரு பிள்ளை என்னிடமே கேட்டிருக்கிறது. 'மூச்செண்' என்று வையுங்கோ. எண் கூடக் கூட மூச்சும் கூடுகிறது, நான்கில்தான் மிக அதிகம். பிள்ளைகளுக்குச் சுலபமாக விளங்கும்.
– சாவகச்சேரி

---

எனக்கு ஒரு சந்தேகம். அம்மா இதைப் பிள்ளையாருக்குத்தான் சொல்லுவா. நீங்கள் கொடுத்த பொருளில் பிள்ளையாரே இல்லையே! விஷ்ணு என்றல்லவா இருக்கிறது? எந்தப் படத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்?
– மானிப்பாய்

---

அக்கா, பிள்ளையாரின் பெயர் சுலோகத்தில் இல்லை என்பது சரிதான். ஆனால் 'விஷ்ணு' என்ற சொல்லுக்கே எங்கும் பரந்திருப்பவர் என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பொருளில், தடை நீங்கப் பிள்ளையாரை நினைத்துச் சொல்வது பழைய வழக்கம். அம்மா சொல்வது போலவே சொல்லுங்கள்.

சாவகச்சேரி ஆசிரியருக்கு: எண் மூச்சின் அளவைக் காட்டுவதில்லை. இரண்டிலும் நான்கிலும்தான் மூச்சு உண்டு, மூன்றில் இல்லை. மூன்றிலும் நான்கிலும் தொண்டை அதிரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'வத³னம்' சொல்லுங்கள், பிறகு 'த⁴ரம்' சொல்லுங்கள். இரண்டாவதில் மட்டும் கையில் காற்றுப் படும். ஆகவே 'மூச்செண்' என்றால் மூன்றாம் எண்ணைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். 'வருக்கம்' என்று தமிழாக்கினாலும் இடறும். ககர வருக்கம் என்றால் நமக்கு க, கா, கி, கீ அல்லவா?

இதைவிடப் பெரிய சிக்கல், எண் இல்லாத எழுத்தில் இருக்கிறது. இந்தச் சுலோகத்தில் எண் ஆறு இடத்தில் வருகிறது. அவற்றுள் ப³ இருப்பது 'ம்'முக்குப் பின், த³ இருப்பது இரண்டு உயிர்களுக்கு நடுவில். அங்கெல்லாம் தமிழ் நாக்கு தானாகவே மெலிந்துவிடும், எண்ணே வேண்டியதில்லை. எண் இல்லாத நான்கு இடங்களில்தான் பிழை வருகிறது. 'சதுர்' என்பதை நம் பிள்ளைகள் 'ஸதுர்' என்பார்கள், அதில் வரும் 'து'வையும் மெலிப்பார்கள். அங்கே 'அச்சம்' என்பதில் வரும் ச வேண்டும், 'பத்து' என்பதில் வரும் த வேண்டும். 'விக்⁴னோபஶாந்தயே' என்பதில் 'ப' 'கோபம்' போல் மெலிகிறது, 'பல்' போல் வர வேண்டும். 'ஶாந்தயே' என்பதில் 'த' 'பந்து' போல் வந்துவிடுகிறது. 'ந்'னில் ஒரு கணம் நின்று, த-வைத் தனியாக அழுத்திச் சொன்னால் சரியாகும்.

எண் இல்லை என்றால் 'முதல் ஒலி' என்று பொருள், 'உன் விருப்பப்படி' என்று அல்ல. பெயர் அதற்கும் இடம் தர வேண்டும். 'ஒலியெண்' எனலாம். எண் இல்லாத எழுத்துக்கு ஒலியெண் ஒன்று என்று சொல்ல முடியும். முழு நிறைவு இல்லை, ஆனால் பொய் இல்லை.
– நல்லூர்

---

மூன்றைப் பற்றி நான் நினைத்தது பிழைதான், கையை வைத்துப் பார்த்தேன். ஆனால் அப்படியானால் அந்த நான்கு இடத்திலும் ¹ என்றே போட்டுவிடலாமே?
– சாவகச்சேரி

---

அப்படிப் போட்டால் அச்சு நூல்களைப் பிறகு வாசிக்கும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள். அங்கே ¹ இருக்காது. எனக்கு உடன்பாடில்லை.
– நல்லூர்

---

ஐயா, ஒன்றைப் போடாமல் விட்டால் இந்த வருடமும் 'ஸதுர்புஜம்'தான் கேட்கும். தாளில் 'ஒலியெண்' என்றே எழுதுகிறேன். பாதித் தாள்களில் அந்த நான்கு இடத்துக்கும் ¹ போட்டு, மீதியை வழக்கம்போல் விட்டு, இரண்டு வரிசைப் பிள்ளைகளிடமும் கொடுக்கப் போகிறேன். 'சதுர்', 'ஶாந்தயே' இரண்டையும் எப்படிச் சொன்னார்கள் என்று வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.
– கோண்டாவில்