பிளஸ் ஒன் பெண்ணின் கல்லூரிப் பணம்: ஈக்விட்டியிலேயே விடலாமா?

சந்தைச்சிங்கம்: என் பெண் பிளஸ் ஒன். அவள் இன்ஜினியரிங் படிப்புக்குச் சேர்த்த 24 லட்சமும் ஈக்விட்டி ஃபண்டில் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பே வெளியே எடுப்பது பயந்தாங்கொள்ளி வேலை. 2020-ல் விழுந்த நிஃப்டி எட்டே மாதத்தில் திரும்பி வரவில்லையா?

கணக்குப்பிள்ளை: அந்த எட்டு மாதத்துக்குள் கட்டணத் தேதி வந்திருந்தால்? ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் 38 சதவீதம் போனது. உங்கள் 24 லட்சம் 15 ஆகியிருக்கும். ஹாஸ்டலோடு முதல் வருஷத்துக்கு 5 லட்சம் கட்ட, பழைய மதிப்பில் 8 லட்சத்துக்கான யூனிட்டுகளை விற்றிருப்பீர்கள்.

சந்தைச்சிங்கம்: விற்றுவிட்டுப் போகிறேன். மிச்சம் எழுந்து 16 ஆகும், மூன்று வருஷத்துக்கு 15 போதாதா? தவிர, 2020-ல் கவுன்சலிங்கே அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் சந்தை ஏறக்குறைய தேறிவிட்டது.

கணக்குப்பிள்ளை: சந்தை விழும்போதெல்லாம் கவுன்சலிங்கைத் தள்ளிவைக்க கொரோனா வருமா? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,500 பக்கம் வந்தது. பழைய இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. அந்த அடியில் உங்கள் 24 லட்சம் 10-க்கும் கீழே. முதல் கட்டணமே பாதியைத் தின்றிருக்கும்.

சந்தைச்சிங்கம்: 2008 பழைய கதை. எட்டு மாதம் என்றுதான் நான் சொன்னேன்.

தேனிக்காரர்: என் மகளுக்குச் செல்வமகள் திட்டத்தில் போடுகிறேன். 18 வயதில் முழுவதும் எடுத்துக் கல்லூரிக்குக் கட்டிவிடுவேன், சந்தைத் தொல்லையே இல்லை.

மீனா_அக்கா: படிப்புக்கென்றால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான் தம்பி எடுக்க முடியும். மீதி, கணக்கு தொடங்கி 21 வருஷம் முடிந்தாலோ, 18 வயதுக்குப் பிறகு கல்யாணம் என்றாலோதான். எட்டு வயதில் தொடங்கியிருந்தால் எண்ணிப் பாருங்கள்.

தேனிக்காரர்: போஸ்ட் ஆபீஸில் யாரும் இதைச் சொல்லவில்லையே!

மீனா_அக்கா: சிங்கமும் பிள்ளையும் 24 லட்சத்தை ஒரே மூட்டையாகப் பார்க்கிறீர்கள். கட்டணம் நான்கு தேதிகளில் வருகிறது. முதல் இரண்டு வருஷத்துப் பணம், 10 லட்சம், இப்போதே எஃப்டிக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ போகட்டும். நான்காம் வருஷக் கட்டணத்துக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, அதில் ஒரு பகுதி ஈக்விட்டியில் இருந்தால் குடி முழுகிவிடாது. மூன்றாம் வருஷத்துப் பணத்தை அடுத்த வருஷம் நகர்த்துங்கள். சந்தை எப்படி இருந்தாலும் நகர்த்த வேண்டும், "கொஞ்சம் ஏறட்டும்" என்று காத்திருக்கும் இடத்தில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை: மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை எடு என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

மீனா_அக்கா: எங்கே சொன்னீர்கள்? 38, 38 என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சந்தைச்சிங்கம்: எஃப்டி வட்டியில் வரி போக என்ன மிஞ்சும் அக்கா? கல்லூரிக் கட்டணம் அதைவிட வேகமாக ஏறுகிறது.

கணக்குப்பிள்ளை: போன வருஷம் ஸ்மால்கேப் வாங்கச் சொல்லிவிட்டு ஆறு மாதம் காணாமல் போனவர் வரியைப் பற்றிப் பேசுகிறார்.

சந்தைச்சிங்கம்: அதுவும் திரும்பி வரும். எட்டு மாதம் பொறுங்கள்.