லிண்டல் மேல் செங்கல் முக்கோணம்: ஷியர் கோடு நேரா, வளைவா?

வளைகோடு

நேற்று பக்கத்து இழையில் தூக்குக்குண்டு எழுதியது:

“கதவுக்கு மேல் இருக்கும் செங்கல் முக்கோணத்தின் மொத்த எடை W, இடைவெளி L என்றால் லிண்டலை வளைக்கும் மொமென்ட் WL/8. எடை எப்படிப் பரவினால் என்ன, மொத்தம் அதேதானே? இதற்குப் போய் WL/6 என்று பயமுறுத்த வேண்டாம்.”

இதற்கு ஏழு பேர் கைதட்டியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது. ஒரே ஒரு கதவை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் சுவரைத் தாங்குவது லிண்டல், அதன் முனைகள் உட்காரும் இடம் தாங்கல். தாங்கல் நடுவிலிருந்து தாங்கல் நடுவரை 1.2 மீட்டர், சுவர் 230 மி.மீ., செங்கல் கட்டு கன மீட்டருக்கு 20 kN, முக்கோணம் 60 டிகிரி. உச்சி உயரம் 1.04 மீட்டர் வரும். நடுவில் சுமை மீட்டருக்கு 4.78 kN, மொத்தம் 2.87 kN. ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு முனையும் 1.43 தாங்குகிறது. இதுவரை சண்டை இல்லை. நடுவில் மொமென்ட் WL/6, அதாவது 0.57 kNm. அண்ணன் கணக்கில் 0.43. நான்கில் ஒரு பங்கைக் காணோம்! எங்கே போனது என்றால், லிண்டலைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையான ஷியருக்கு அவர் படத்தில் போட்ட நேர்கோட்டுக்குள் போனது.

தூக்குக்குண்டு

வாருங்கள் பேராசிரியரே. முனையில் ஷியர் 1.43 என்று நீங்களே சொல்கிறீர்கள். நடுவில் பூஜ்ஜியம் என்பதையும் ஒத்துக்கொள்வீர்கள். இரண்டு புள்ளி இருந்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதுதானே முறை? முப்பது வருடமாக லிண்டல் போடுகிறேன். ஒன்றாவது என் தலையில் விழுந்ததா என்று கேளுங்கள்.

வளைகோடு

விழாததற்குக் காரணம் உங்கள் கணக்கு இல்லை, கம்பி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

லிண்டலைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக மனதில் வெட்டிப் பாருங்கள். தாங்கலை ஒட்டிய முதல் துண்டின் மேல் முக்கோணம் பூஜ்ஜியத்தில் தொடங்கி 17 செ.மீ. வரைதான் ஏறுகிறது. அந்தத் துண்டு சுமப்பது 0.04 kN, நான்கு கிலோ. ஒரு செங்கல், கொஞ்சம் கலவை, அவ்வளவுதான். நடுவை ஒட்டிய துண்டின் மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் கட்டு நிற்கிறது. அது 0.44 kN, சுமார் 45 கிலோ. முதல் துண்டில் நான்கு கிலோவும் கடைசித் துண்டில் 45 கிலோவும் குறைகிற கோடு எப்படி ஐயா ஒரே சரிவில் இறங்கும்? தாங்கல் அருகே படுத்துக் கிடந்து, நடுவில் வந்து தலைகுப்புற விழும். கால் இடைவெளியில், அதாவது 0.3 மீட்டரில், ஷியர் 1.08. உங்கள் ஸ்கேல் காட்டுவது 0.72.

ஷியர் படத்தின் பரப்புதான் மொமென்ட். நேர்கோடு போட்டால் 1.43 × 0.6 இன் பாதி, 0.43. வளைவுக்குக் கீழே அதே செவ்வகத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 0.57. WL/8 எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

மூன்றாம்செமஸ்டர்

சார், ஒரு சந்தேகம். முக்கோணச் சுமைக்கு மொமென்ட் நடுவில் வராது, 0.577L இல்தான் அதிகம் என்று வகுப்பில் போட்டோம். உச்சியில் சுமை w0 என்றால் மதிப்பு w0·L²/(9√3). மொத்த எடையில் சொன்னால் WL/7.8 வருகிறது. அப்படியானால் தூக்குக்குண்டு சார் சொல்வதுதானே கிட்டத்தட்ட சரி?

தூக்குக்குண்டு

படிக்கிற பையன் சொல்லிவிட்டான்! 7.8, 8. இனி என்ன வேண்டும்?

வளைகோடு

தம்பி, நீ போட்டது ஒரு முனையில் பூஜ்ஜியமாகத் தொடங்கி மறு முனையில் உச்சிக்குப் போகிற சுமை. கதவுக்கு மேல் உச்சி நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சமம். உன் சூத்திரம் சரி, படம்தான் வேறு. அண்ணே, தப்பான படத்தில் இருந்து வந்த சரியான எண்ணைக் கட்டிக்கொண்டு ஆடாதீர்கள்.

தூக்குக்குண்டு

ஆட்டம் யார் ஆடுவது என்று ஊருக்கே தெரியும். போன மாதம் தாங்கல் நீளத்தைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் நாற்பது பதிவு போட்டு எல்லோரையும் விரட்டினீர்கள்.

இன்னொன்று. 60 டிகிரி என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் 45 தான் எடுப்பேன். செங்கல் கட்டு அப்படித்தான் படிப்படியாக உடையும், உடைந்த சுவரைப் பார்த்தவனுக்குத் தெரியும். 45 எடுத்தால் உயரம் 0.6 மீட்டர், எடை 1.66, உங்கள் ஆறாலேயே வகுத்தாலும் 0.33. என் 0.43 அதைவிட அதிகம். ஆக என் வழிதான் பாதுகாப்பு.

வளைகோடு

அடடா. 60 இல் கணக்குப் போட்ட எடையை எட்டால் வகுத்து, 45 இல் கணக்குப் போட்டதோடு ஒப்பிட்டு, பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள். 45 எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. எந்தக் கோணம் எடுத்தாலும் கோடு வளைவுதான், அது நேராகாது.

நிலைப்படி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு கதவு சுவரின் மூலையை ஒட்டி இருக்கிறது. லிண்டலின் அந்தப் பக்கத்து முனையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் மேலே போகிறது. கட்டிக்கொடுத்தவர் பூச்சு விரிசல்தான் என்று சொல்லி மேலே பூசிவிட்டுப் போனார், அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. அவர் எட்டால் வகுத்ததால் வந்ததா?

வளைகோடு

கதவுக்கும் மூலைக்கும் நடுவில் எவ்வளவு சுவர் இருக்கிறது? அளந்து சொல்லுங்கள். உங்கள் வினா ஆறு, எட்டு பற்றியதே அல்ல. முக்கோணம் என்ற சலுகை உங்கள் லிண்டலுக்குக் கிடைத்ததா என்பதுதான் வினா.

முக்கோணத்துக்கு வெளியே இருக்கிற செங்கலெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து வளைவு போலத் தாங்கிக்கொள்வதால்தான் லிண்டலுக்கு முக்கோணம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வளைவு இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். தள்ளுகிற இடத்தில் இடைவெளியில் பாதி நீளமாவது சுவர் வேண்டும் என்பது வழக்கம், 1.2 மீட்டருக்கு 0.6. மேலேயும் முக்கோணத்தின் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு கட்டு இருக்க வேண்டும், இங்கே 1.3 மீட்டர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முக்கோணத்தை மறந்துவிட வேண்டும். லிண்டலின் மேல் இருக்கிற கட்டு முழுதும் செவ்வகமாக உட்காரும். 1.3 மீட்டர் கட்டு என்றால் மீட்டருக்கு 5.98 kN, மொமென்ட் 1.08. கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த உயரத்துக்குள் ஸ்லாப் வந்து உட்கார்ந்தால் அதன் சுமையும் சேரும்.

விரிசலையும் பாருங்கள். லிண்டலின் அடியில், நடுவில், நேர் மேலாக ஏறுகிற மயிரிழை என்றால் மொமென்ட்டைச் சந்தேகப்படலாம். தாங்கல் முனையிலிருந்து மூலைப் பக்கம் சாய்ந்து போவது என்றால் சுவர் வெளியே தள்ளப்பட்டிருக்கலாம், கீழே அஸ்திவாரம் இறங்கியிருக்கவும் கூடும். நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தூக்குக்குண்டு

ஒரு நிமிடம். அந்த 1.08 ஐ எப்படிப் போட்டீர்கள்? wL²/8 தானே? எட்டு! எட்டு வந்துவிட்டது! இதை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகோடு

அது செவ்வகம்! செவ்வகத்துக்கு எட்டு, முக்கோணத்துக்கு ஆறு! செவ்வகத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரே எடை இருக்கிறது, அதனால் அங்கே நேர்கோடு. இதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன்.

சாரக்கட்டு

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். உங்கள் 0.57 உடன் லிண்டலின் சொந்த எடையைச் சேருங்கள். 150 மி.மீ. ஆழம் என்றால் மொமென்ட் 0.16 கூடும். யாருமே அதைத் தொடவில்லை, அதுதான் வேடிக்கை. மொத்தம் 0.73, பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு போட்டால் 1.1. மேலிருந்து கம்பி வரை ஆழம் 120 கிடைத்தால் தேவையான கம்பி சுமார் 28 சதுர மி.மீ. குறைந்தபட்சக் கம்பியே அதைப் போல இரு மடங்கு வருகிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அடியில் இரண்டு 8 மி.மீ. கம்பி வைக்கிறோம், அது 100. ஷியரும் ஒன்றரை மடங்குக்குப் பின் 3 kN கூட வரவில்லை, கான்கிரீட்டே சமாளிக்கும். ஆறா எட்டா என்பது இந்தக் கதவுக்கு ஒரு கம்பியைக்கூட மாற்றாது.

என் கவலை வேறு. கலவை இறுகாதவரை வளைவும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஈரக் கட்டு முழுதும் லிண்டல் மேல்தான் இருக்கிறது. ஒரே நாளில் மேலே ஏற்றிவிட்டு மறுநாள் லிண்டலுக்கு அடியில் நிற்கும் முட்டுகளைப் பிடுங்குகிறவர்களைத்தான் நீங்கள் திட்ட வேண்டும்.

வளைகோடு

கம்பி மாறவில்லை என்பதால் கணக்குத் தப்பாக இருக்கலாமா? இடைவெளி கூடினால் எடை இருபடியாக ஏறும், மொமென்ட் முப்படியாக ஏறும். 3 மீட்டர் திறப்பு வைத்துப் பாருங்கள். 0.57 என்பது 9 ஆகிவிடும், எட்டால் வகுத்தவருக்கு 6.7. அங்கே நான்கில் ஒரு பங்கு என்பது உண்மையான கம்பி.

சாரக்கட்டு

3 மீட்டருக்கு 60 டிகிரி முக்கோணம் 2.6 மீட்டர் உயரம். திறப்புக்கு மேல் அவ்வளவு செங்கல் எந்த வீட்டில் இருக்கிறது? அதற்குள் ஸ்லாப் வந்துவிடும். நீங்களே சொன்ன விதிப்படி முக்கோணம் செல்லாது. உங்கள் உதாரணம் காகிதத்தில்தான் நிற்கும்.

வளைகோடு

கிடங்குச் சுவர் பார்த்ததில்லையா? உயரமான முகப்புச் சுவர்? இல்லாததைப் போலப் பேசாதீர்கள்.

மூன்றாம்செமஸ்டர்

சார், அப்போது பரீட்சையில் எதை எழுதுவது? ஷியர் படத்தில் வளைவு எந்தப் பக்கம் குவியும்?

வளைகோடு

இடது தாங்கலில் கிடையாகத் தொடங்கி, போகப்போகச் சரிவு கூட வேண்டும். `V = w0·L/4 - w0·x²/L`, நடுவரைக்கும். இங்கே w0 நடுவில் உள்ள சுமை, x இடது தாங்கலிலிருந்து தூரம். வலது பாதி அதன் தலைகீழ் நிழல். முதல் பத்து சென்டிமீட்டரில் நான்கு கிலோதான் என்று நினைவில் வைத்துக்கொள், கை தானாக வளைக்கும்.

தூக்குக்குண்டு

தம்பி, ஸ்கேல் எடுத்துப் போ. மார்க் கிடைக்காவிட்டால் வேலை கற்றுக்கொள்ள என்னிடம் வா.

நிலைப்படி

அளந்துவிட்டேன் சார். கதவுக்கும் மூலைக்கும் நடுவில் 22 செ.மீ. சுவர்தான். லிண்டலுக்கு மேல் கூரை வரை 80 செ.மீ.

வளைகோடு

இரண்டு விதியுமே தவறுகிறது. முக்கோணமே இல்லை, முழுக் கட்டும் மேலே இருக்கிற ஸ்லாப் சுமையும் லிண்டலுக்குத்தான். அந்தத் துண்டுச் சுவரில் லிண்டல் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். பூச வேண்டாம். விரிசலின் குறுக்கே பென்சிலால் இரண்டு குறி போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

தூக்குக்குண்டு

அப்படியானால் அவர் வீட்டில் செவ்வகம். செவ்வகம் என்றால் எட்டு. கோடு?

வளைகோடு

இந்தக் கதவுக்கு நேர். *முக்கோணத்துக்கு* வளைவு.

தூக்குக்குண்டு

“நேர்” என்று வாயால் சொல்லிவிட்டார். படம் எடுத்துவிட்டேன்.