"என்ர எதிர்ப்பை எழுதுங்கோ" எண்டு ஒருவர் கேட்டால்: வன்னிச் சங்கங்களில் கண்டதும் செய்ததும்

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

எங்கள் கமக்காரர் அமைப்பில் நான் செயலாளர். போன சிறுபோகத்துக்கு முதல் நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். மற்றச் சங்கங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய விருப்பம்.

தண்ணீர் திறக்கும் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அதற்கிடையில் எங்கள் பகுதி வாய்க்காலில் மண்டிக் கிடந்த புல்லையும் சேற்றையும் அள்ள வேண்டும். சிரமதானத்துக்கு ஆள் சேராது என்று தெரிந்ததால் பெக்கோ பிடிப்பதென்று கதை வந்தது. முன்பும் எங்களுக்கு வேலை செய்த ஒருவர் 185,000 ரூபா கேட்டார். அவருக்கே கொடுப்போம் என்று தலைவர் முன்வைத்தார். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஓர் அங்கத்தவர், வேறு இடங்களிலும் விலை கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று எழும்பினார். கன நேரம் வாக்குவாதம். கடைசியில் கை உயர்த்தச் சொன்னோம். வந்திருந்த 33 பேரில் 23 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு, 4 பேர் நடுநிலை.

அப்போது அவர், "தீர்மானத்துக்கு நான் கட்டுப்படுறன். ஆனா என்ர எதிர்ப்பை அறிக்கையில எழுதுங்கோ" என்றார். "முடிஞ்ச கதையை விடுங்கோவன்" என்றார் தலைவர். "எழுதுவம் அண்ணை, ரெண்டு வரிதானே. சபைக்கு மறுப்பு இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

எழுதத் தொடங்கியபோதுதான் வில்லங்கம். அவர் முழு வாக்குவாதத்தையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பெக்கோக்காரர் தலைவருக்கு என்ன முறை என்பதும் அதற்குள் வந்தது. "ஐயா, அந்தச் சந்தேகத்தை எழுதினா பிறகு நீங்கள்தான் அதை நிரூபிக்க வேணும். இந்தத் தீர்மானத்தில எது பிழை எண்டு நினைக்கிறியள், ஏன், அதை மட்டும் சொல்லுங்கோ" என்றேன். யோசித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எழுதி, எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். "விலை கூடுதல்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் மறித்தார்: "கூடுதல் எண்டு நான் சொல்லேல்லை. ஒப்பிட்டுப் பாக்கேல்லை எண்டுதான் சொன்னனான்." உடனே மாற்றினோம். கடைசியில் கொப்பியில் இருந்தது இது:

"தீர்மானம் 4: தண்ணீர் திறக்க நாட்கள் குறைவாக இருப்பதாலும், முன்னர் செய்த வேலை திருப்தியாக இருந்ததாலும், வாய்க்கால் துப்புரவு வேலையை மேற்படி இயந்திர உரிமையாளருக்கு ரூபா 185,000க்கு வழங்குவது. ஆதரவு 23, எதிர்ப்பு 6, நடுநிலை 4. நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த அங்கத்தவர் (பெயர், அங்கத்துவ இலக்கம்) தனது எதிர்ப்பைப் பதியுமாறு கேட்டார்: 'வேறு விலைகள் பெற்று ஒப்பிடாமல் ஒருவருக்கு வேலை கொடுப்பதை நான் ஏற்கவில்லை. விலைகள் பெறக் காலம் போதுமாக இருந்தது என்பது என் கருத்து.' இது சபையில் வாசிக்கப்பட்டு, சரியென அவர் ஏற்றுக்கொண்டார்."

தலைவர் அதற்குக் கீழே ஒரு பதில் எழுதச் சொன்னார். அவருடைய காரணம் தீர்மானத்துக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினேன். எதிர்ப்புக்குக் கீழே பதில் எழுதினால் அவரும் பதிலுக்குப் பதில் கேட்பார், கொப்பி முடிந்துவிடும். எதிர்த்த மற்ற ஐந்து பேர் கேட்கவில்லை, அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது அவர்களில் ஒருவர் தெருவில் வைத்து "என்ர பேரையும் போட்டுவிடு தம்பி" என்றார். அடுத்த கூட்டத்தில் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தபோது, அந்தப் பகுதியை வெட்டச் சொல்லி ஒருவர் கேட்டார், சங்கத்தின் பெயருக்குக் கூடாதாம். அறிக்கையை உறுதிப்படுத்தும்போது இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அன்று இப்படி நடந்ததா, இல்லையா? நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தலைவரே "அப்பிடியே இருக்கட்டும்" என்று கையெழுத்து வைத்தார். பிறகு கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தர் ஏன் ஒரே ஒரு விலை என்று கேட்டு, அந்தப் பக்கத்தை வாசித்தார். காரணமும் இருந்தது, மறுப்பும் இருந்தது. இனிமேல் விலைகள் பெறும்படி குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அந்த இரண்டு வரி தலைவரையும் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (நெடுங்கேணி)

தம்பி, நீர் பொறுமையாக நடந்துகொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கூட்ட அறிக்கை என்பது என்ன செய்யப்பட்டது என்பதற்கு. யார் என்ன சொன்னார் என்பதற்கு அல்ல. எதிர்ப்பு 6 என்று எண்ணிக்கை இருக்கிறது, அது போதும். அமைச்சரவையில் ஒரு முடிவு எடுத்தால் எல்லோரும் அதற்குப் பொறுப்பு. சங்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கொப்பிக்குள் இரண்டு கட்சி.

பரிசோதகர் (வவுனியா)

கூட்டுறவுச் சங்கங்களின் கொப்பிகளைப் பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. மாஸ்ரர் சொல்வதில் முதல் பாதி சரி. பேச்சையெல்லாம் எழுதினால் அது அறிக்கை ஆகாது. ஆனால் ஒருவர் சபையில் கேட்டு, சபையும் இணங்கித் தன் எதிர்ப்பைப் பதிவது, நடந்த ஒரு காரியம். பேச்சு என்று அதை ஒதுக்க முடியாது. அமைச்சரவை உதாரணமும் இங்கே பொருந்தாது. சங்கப் பணம் நட்டப்பட்டு விசாரணை வந்தால், நிர்வாகக் குழுவில் யார் உடன்பட்டார், யார் மறுத்தார் என்று ஆள் ஆளாகத்தான் கேட்பார்கள். "எதிர்ப்பு 6" என்பது அந்த ஆறு பேர் யார் என்று சொல்லாது. ஆறு பேரும் வெவ்வேறு காரணத்துக்காகக் கை உயர்த்தியிருக்கலாம்.

செயலாளர் தம்பிக்கு ஒன்று. முதலில் உங்கள் சங்கத்தின் உபவிதியைப் பாருங்கள். எதிர்ப்பைப் பதிவது பற்றி அதில் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் நீங்கள் செய்ததுபோலச் சபையைக் கேட்பதுதான் வழி, செயலாளர் தனியே முடிவெடுக்கக் கூடாது.

நான் கண்ட கோளாறுகளில் பெரியது "ஏகமனதாக" என்ற சொல். கை தானாகவே அதை எழுதிவிடுகிறது. சண்டை பிடித்துக் கலைந்த கூட்டத்தின் அறிக்கையிலும் ஏகமனது இருக்கும். அடுத்தது வரவுக் கையெழுத்து. சில சங்கங்களில் அறிக்கையை எழுதி முடித்து அதற்குக் கீழேயே வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். வந்ததற்காக வைத்த கையெழுத்து, பிறகு சம்மதித்ததற்கான கையெழுத்தாகக் காட்டப்படுகிறது. வரவைக் கூட்டம் தொடங்கும்போதே தனிப் பக்கத்தில் எடுங்கள். பிறகு செருகிய எதிர்ப்பையும் பார்த்தவுடனே பிடிக்கலாம்: இரண்டு வரிக்கு நடுவில் நெருக்கி எழுதியிருக்கும், மை வேறாக இருக்கும், அதற்குப் பிறகு நடந்த உறுதிப்படுத்தலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. திருத்தம் என்றால் ஒரு கோடு மட்டும் போட்டு வெட்டி, பழைய சொல் தெரியத்தக்கதாக விட்டு, பக்கத்தில் தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் இட வேண்டும். பக்க இலக்கம் போட்ட சி.ஆர். கொப்பி மட்டும் பாவியுங்கள்.

காட்டோரம் (ஒட்டுசுட்டான்)

எனக்கும் உந்தப் பிரச்சினைதான். எங்கட காணிக்குப் பக்கத்தில ஒராளுக்கு அனுமதிப்பத்திரம் குடுக்கப் போகினம். நான் எதிர்ப்புக் கடிதம் குடுத்தனான், பதிவே இல்லை எண்டு சொல்லுகினம். என்ன செய்யலாம்?

வாய்க்கால்கரை

அண்ணை, அது வேற விசயம். நாங்கள் கதைக்கிறது சங்கக் கூட்டத்தில எடுத்த தீர்மானத்துக்கு அங்கத்தவர் சொல்லுற மறுப்பு. உங்கட கடிதத்தைப் பிரதேச செயலகத்தில திரும்பவும் குடுத்து, பிரதியில திகதி முத்திரை வாங்குங்கோ.

மாதர் சங்கக்காரி (புதுக்குடியிருப்பு)

நான் எங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில நடந்ததைச் சொல்லுறன். சுழற்சிக்கடன் காசில, பழைய கடன் கட்டி முடிக்காத ஒராளுக்குத் திரும்பவும் குடுக்கிறதெண்டு முடிவு. நான் மறுத்தனான். எழுதச் சொல்லிக் கேட்டனான், ஆனா பேர் போட வேண்டாமெண்டு சொன்னனான். "ஓர் அங்கத்தவர் உடன்படவில்லை" எண்டு எழுதினவை. கடன் வாங்கினவ எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறா. ஒரே கிணத்தில தண்ணி அள்ளுறம். பேர் போட்டிருந்தா இண்டைக்கு நான் அந்தக் கிணத்தடிக்குப் போகேலாது.

பரிசோதகர்

தங்கச்சி, உங்கள் நிலைமை விளங்குகிறது. ஆனால் பெயரில்லாத எதிர்ப்பு நாளைக்கு உங்களுக்கு உதவாது. அது தன்னுடையது என்று யாரும் சொல்லலாம், கடன் கொடுக்கச் சொன்னவரும் சொல்லலாம்.

மாதர் சங்கக்காரி

ஓம் ஐயா, அது தெரியும். எனக்கு என்ர பேரைக் காப்பாத்துறது முக்கியமா இருக்கேல்லை. அடுத்தமுறை கடன் குடுக்கேக்க அந்த வரியைக் காட்டி, "அப்பவே ஒராள் சொன்னதுதானே" எண்டு கேக்கலாம். கேட்டனாங்கள். அந்தமுறை குடுக்கேல்லை.

வவுனிக்குளத்தான் (லண்டன்)

இங்கே உள்ளூராட்சி சபைகளுக்கு 1993இல் வந்த ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது. வாக்கெடுப்பு முடிந்த உடனேயே ஓர் உறுப்பினர் கேட்டால், அவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா, வாக்களிக்காமல் இருந்தாரா என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும், சபையின் சம்மதம் தேவையில்லை. ஆனால் அது எப்படி வாக்களித்தார் என்பதற்கு மட்டும், காரணம் எழுதும் உரிமையை அது தரவில்லை. எனக்குப் பிடித்தது "உடனேயே" என்ற நிபந்தனை. செயலாளர் தம்பி தெருவில் கேட்டவருக்கு மறுத்ததும் அதனால்தான் சரி.

கரைவலை (முல்லைத்தீவு)

அப்ப கூட்டத்துக்கு வராத ஆளுக்கு என்ன வழி? நான் கடலுக்குப் போட்டன். எங்கட சங்கத்தில படகுத்துறைக்குக் காசு அறவிடுறதெண்டு முடிவெடுத்திட்டினம். விடிய கடிதம் எழுதிக் குடுத்தனான். செயலாளர் அதை அந்தக் கூட்ட அறிக்கைக்குள்ளயே ஒட்டிவிட்டார். எனக்கு நல்ல சந்தோசம்.

பரிசோதகர்

உங்களுக்குச் சந்தோசம், கொப்பிக்குக் கேடு. இல்லாத ஆள் அந்தக் கூட்டத்தில் எதிர்த்ததாக ஆகிவிட்டது. கடிதத்தைக் கிடைத்த திகதியோடு கோவையில் போட்டு, அடுத்த கூட்டத்தில் வாசித்து, அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் "கடிதம் வாசிக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். உங்கள் எதிர்ப்பு அப்போதும் பதிவாகும், சரியான திகதியில்.

பொருளாளர் (மாங்குளம்)

நான் இதைத்தான் கேக்க வந்தனான். ஒரு கொடுப்பனவுக்கு நான் நிர்வாகக் குழுவில எதிர்ப்பு எழுதுவிச்சனான். தீர்மானம் நிறைவேறிட்டுது. இப்ப காசோலையில நானும் கையெழுத்து வைக்க வேணும். வைச்சா என்ர எதிர்ப்புக்கு என்ன அர்த்தம்? வைக்காட்டி நான் சங்கத்தை மறிச்ச ஆள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

வைக்கத்தான் வேண்டும். கையெழுத்து உமது பதவியின் கடமை, கருத்து உம்முடையது. கருத்து ஏற்கெனவே கொப்பியில் இருக்கிறது.

பரிசோதகர்

மாஸ்ரரோடு இதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் முழுக்க அல்ல. செலவு தேவையில்லை, விலை கூடிப்போனது என்ற அளவிலான மறுப்பென்றால் கையெழுத்து வையுங்கள். உபவிதிக்கே மாறான கொடுப்பனவு என்பது உங்கள் மறுப்பென்றால், எதிர்ப்பை எழுதிவிட்டுக் கையெழுத்தும் வைத்தவரைப் பார்த்து "பிழையென்று தெரிந்துமா வைத்தீர்" என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் கையெழுத்து வைக்க முன் மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் எதிர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது?

பொருளாளர்

"இந்தக் கொடுப்பனவுக்கு நான் உடன்படவில்லை" எண்டு மட்டும். காரணம் எழுதேல்லை.

வாய்க்கால்கரை

அந்தக் கூட்ட அறிக்கை இன்னும் உறுதிப்படுத்தேல்லை எண்டால், அடுத்த கூட்டத்தில வாசிக்கேக்க நீங்கள் அண்டைக்குச் சொன்ன காரணத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ அண்ணை. அண்டைக்குச் சபையில சொல்லியிருந்தால் மட்டும். சொல்லேல்லை எண்டால் புதுசா ஒரு கடிதமாக் குடுங்கோ.

பொருளாளர்

சொன்னனான். ஆனா கேட்ட ரெண்டு பேர் இப்ப ஞாபகமில்லை எண்டுகினம். கூட்டம் வாற ஞாயிறு. காசோலையை அதுவரை வைச்சிருக்கச் சொல்லித் தலைவரிட்டக் கேட்டிருக்கிறன்.