ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் வைத்திருந்தும் அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரைகள் என் கணக்கில் வருகின்றன, எப்படிப் பிரிப்பது?

வினையூக்கி: நான் வேதியியலில் வினையூக்கிகள் பற்றி ஆய்வு செய்கிறேன். அதே பெயர், அதே முதலெழுத்து கொண்ட ஒருவர் நீர் சுத்திகரிப்பில் எழுதுகிறார். நான் அவர் இருக்கும் நிறுவனத்துக்கு மாறிய பிறகு, ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்கோபஸ் தளத்தில் எங்கள் இருவரின் கட்டுரைகளும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன. மொத்தம் 31 காட்டுகிறது, அதில் 12 அவருடையவை. ஆர்கிட் எண் எடுத்து ஸ்கோபஸோடு இணைத்தால் தானாகப் பிரிந்துவிடும் என்றார்கள். இணைத்தேன், ஆனால் அந்த 12-உம் இப்போது ஆர்கிட் பக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நிதி விண்ணப்பத்தில் இந்தப் பக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும், அடுத்தவர் உழைப்பை என் பெயரில் காட்ட எனக்கு விருப்பமில்லை.

நதிமூலம்: பேசாமல் அந்த எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஆர்கிட் எடுத்து, உங்கள் கட்டுரைகளை மட்டும் சேருங்கள். கலந்ததைப் பிரிப்பதை விட அது சுலபம். ஸ்கோபஸை நம்ப வேண்டாம், அது பெயரையும் நிறுவனத்தையும் பார்த்துச் சேர்க்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

அட்டவணைக்காரர்: காரணம் சரி, வழி தவறு. ஒருவருக்கு ஒரே எண் என்பதுதான் ஆர்கிட்டின் பயனே. பழைய எண் ஏற்கெனவே பதிப்பாளர்களிடம் போயிருக்கும், அங்கே அச்சான கட்டுரைகள் அதையே சுமந்துகொண்டிருக்கும், புதியது எடுத்தால் நீங்களே இரண்டு பேராகிவிடுவீர்கள். தெரியாமல் இரண்டு எடுத்தவர்களுக்காகவே கணக்கு அமைப்பில் `Remove duplicate record` இருக்கிறது, அதைச் செய்தால் நீக்கிய எண் வைத்துக்கொண்ட எண்ணுக்குத் திருப்பிவிடும். இங்கே அதற்குத் தேவையில்லை.

வினையூக்கி, தகவல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். ஸ்கோபஸின் ஆசிரியர் எண் நீங்கள் கேட்காமலே ஒரு நிரல் உருவாக்கியது. ஆர்கிட் எண் நீங்களாக எடுத்தது, அது எந்தக் கட்டுரை யாருடையது என்று ஆராய்வதில்லை. நீங்கள் இணைத்தபோது ஸ்கோபஸ் தன் பட்டியலைக் காட்டிச் சரியா என்று கேட்டிருக்கும், அப்படியே அனுப்பியதால் கலப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஆர்கிட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே `Source` என்று இருக்கும். அந்த 12-இலும் ஸ்கோபஸ் பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அவற்றை ஆர்கிட்டில் நீக்கலாம், ஆனால் அங்கே நீக்குவது ஸ்கோபஸைத் தொடாது. ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் படிவத்தில் அந்த 12-ஐயும் தனியாக எடுத்துவிடச் சொல்லி அனுப்புங்கள். சில வாரம் ஆகலாம்.

மாறியபெயர்: எனக்கும் இதே பிரச்சினைதான். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றினேன், இப்போது பழைய கட்டுரைகள் எதிலும் என்னைக் காணவில்லை.

அட்டவணைக்காரர்: உங்களுடையது நேரெதிர், ஒருவர் இரண்டாகப் பிரிந்தது. ஆர்கிட்டில் வேறு பெயர்களைச் சேர்க்க இடம் உண்டு, அதில் பழைய பெயரைப் போடுங்கள், எண்ணை மாற்றாதீர்கள். அப்புறம் ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வினையூக்கி: பார்த்தேன், 11-க்கு மூலம் ஸ்கோபஸ்தான். ஒன்றில் மட்டும் கிராஸ்ரெஃப் என்று இருக்கிறது. அது நிச்சயமாக என்னுடையது இல்லை, நீர் பற்றியது.

அட்டவணைக்காரர்: அதுதான் கவனிக்க வேண்டியது. கிராஸ்ரெஃப் என்பது பதிப்பாளர்கள் கட்டுரை விவரங்களைப் பதியும் அமைப்பு. அது பெயரைப் பார்த்துச் சேர்க்காது, பதிப்பாளர் கொடுத்த விவரத்தில் உங்கள் எண் இருந்தால்தான், அதுவும் நீங்கள் முன்பு அனுமதி கொடுத்திருந்தால்தான் சேர்க்கும். அந்தக் கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ-யை இதில் போட்டுத் திறந்து `author` பகுதியைப் பாருங்கள்:

```
https://api.crossref.org/works/<DOI>
```

உங்கள் எண் இருந்தால் அதன் அருகில் `authenticated-orcid` இருக்கும். `true` என்றால் எண்ணின் சொந்தக்காரர் உள்நுழைந்து உறுதி செய்ததாகப் பதிப்பாளர் சொல்கிறார். `false` என்றால் அப்படி உறுதி செய்யப்படாதது, பெரும்பாலும் யாரோ பெயரைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்திருப்பார்கள். ஆர்கிட் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதனால் தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், ஆனால் இன்னொருவரின் சரியான எண்ணைப் போட்டால் அதற்குத் தெரியாது.

வினையூக்கி: `false`. அவருடைய சக ஆசிரியர் யாரோ என் எண்ணைப் போட்டிருக்கிறார் போல.

அட்டவணைக்காரர்: அப்படியானால் ஆர்கிட்டில் நீக்கினாலும் மூலத்தில் உங்கள் எண் இருந்துகொண்டே இருக்கும், அதை எடுக்கிற எல்லாத் தளங்களுக்கும் போகும். பதிப்பாளருக்கு எழுதி, கிராஸ்ரெஃப் விவரத்தைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அந்த நீர் ஆய்வாளருக்கும் ஒரு வரி எழுதுங்கள், அவரிடம் ஆர்கிட் இருந்தால் சரியான எண்ணையே போட்டுவிடுவார்கள்.

நதிமூலம்: சரி, புதிய எண் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அவரிடம் ஆர்கிட்டே இல்லையென்றால் ஸ்கோபஸ் மறுபடி கலக்காதா?

அட்டவணைக்காரர்: கலக்கலாம். ஒரே நிறுவனம், ஒரே பெயர் என்றிருக்கும் வரை அடுத்த கட்டுரையிலும் வர வாய்ப்பு உண்டு. வினையூக்கி, உங்கள் பக்கத்திலிருந்து, கட்டுரை அனுப்பும்போதே உள்நுழைந்து எண்ணைக் கொடுங்கள், சக ஆசிரியராக இருந்தாலும் கேட்டுக் கொடுங்கள், பல இதழ்கள் தொடர்பு ஆசிரியரிடம் மட்டும்தான் கேட்கும்.

வினையூக்கி: ஸ்கோபஸ் படிவம் அனுப்பிவிட்டேன், ஆர்கிட்டில் 12-ஐயும் நீக்கிவிட்டேன். பதிப்பாளருக்கும் எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அந்த நீர் ஆய்வாளருக்கு இன்று எழுதுகிறேன்.